நிலைப்படியில் நின்ற முப்பத்தெட்டு விநாடி

மதுரை டாக்டரின் உதவியாளர் போனில் சொன்னது இரண்டே வாக்கியம். "அவர் நடக்குறத ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரு வீடியோவா எடுத்து அனுப்புங்க. சார் பாத்துட்டு மருந்தை மாத்தலாமா வேண்டாமான்னு சொல்லுவார்." திங்கட்கிழமை, காலை பதினொன்று ஐந்து. வழக்கம்போல் நோட்டில் எழுதிக்கொண்டேன். மழை எவ்வளவு பெய்தது, குற்றாலம் மெயினருவியில் எப்போது குளிக்கத் தடை போட்டார்கள், எப்போது எடுத்தார்கள் என்றெல்லாம் பல வருடங்களாக எழுதிவரும் நோட்டு அது. கொஞ்ச காலமாக அதில் அண்ணனின் கால்களைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். கீழப்பாவூர்ப் பக்கம் எங்களுக்கிருந்த நெல்வயலைக் கடைசிவரை நின்று பார்த்தவர் அவர்தான். நான் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டேன். இப்போது இருவருக்குமே மேலகரத்தில்தான் வீடு, அடுத்தடுத்த தெரு. அண்ணனுக்குப் பார்க்கின்சன் வந்து நான்காவது வருடம். கை நடுக்கம் அவரைப் பெரிதாக வருத்தவில்லை. கால்தான். வெளியே தார் ரோட்டில் விட்டால் நடந்துவிடுவார். வீட்டுக்குள், பட்டாசாலை என்று நாங்கள் சொல்லும் கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகிற நிலைப்படி முன்னால் வந்ததும் இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். உடம்பு முன்னால் போகும், கால் வராது. போன மாதம் அப்படித்தான் விழுந்தார். முழங்கைத் தோல் உரிந்தது. அடுத்த முறை முழங்கையோடு போகாது என்று அண்ணனுக்கும் அவர் மனைவி மதினிக்கும் எனக்கும் தெரியும். வாய்விட்டு மட்டும் யாரும் அதைச் சொன்னதில்லை.

மதுரைக்குக் காரில் போய்வந்தால் அண்ணன் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டார். அதனால் இந்த வீடியோதான் இந்த முறை டாக்டருக்கு அண்ணன்.

செவ்வாய்க்கிழமை மூன்று துண்டுகள் எடுத்தேன். முதலாவது காலை ஆறு ஐம்பதுக்கு, ஏழு மணி மாத்திரைக்கு முன்னால், பட்டாசாலையில். நான்கு நிமிடம் பத்து விநாடி. இரண்டாவது எட்டேகாலுக்கு, மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு, அதே இடத்தில், மூன்று நிமிடம். மூன்றாவது சாயங்காலம் குற்றாலம் ரோட்டில், சாரல் விட்டிருந்த நேரம். ஐந்து நிமிடம் நாற்பது. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நாள், நேரம், மாத்திரைக்கு முன்னா பின்னா என்று குரலில் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

"ஏலே, என்னைய நடக்க விடுதியா, நியூஸ் வாசிக்கியா?" என்றார் அண்ணன், நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

மதினிக்கும் அது பிடிக்கவில்லை. "ஆமா தம்பி, கோர்ட்டுல சாட்சி சொல்லுத மாதிரி இருக்கு" என்றாள்.

கூச்சமாகிவிட்டது. அந்தக் கூச்சம் பின்னால் என்ன செய்தது என்பதற்கு வருகிறேன்.

மூன்றும் சேர்ந்தால் பன்னிரண்டு நிமிடம் ஐம்பது. அதை இரண்டு நிமிடமாக்க வேண்டும். போனில் ஒரு எடிட்டர் இறக்கி மூன்றையும் அதில் ஏற்றினேன். திரையின் மேல் பாதியில் அண்ணன். கீழே சின்னச்சின்னப் படங்களாக ஒரு நீளப் பட்டை. பட்டையின் நடுவே செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு. கோட்டைப் பிடித்து இழுத்தேன். அது அசையவில்லை, பட்டைதான் அதன் அடியில் நகர்ந்தது. வெட்டுவதற்கான பொத்தானை எங்கே தேடியும் காணோம். அரை மணி நேரம் எழுந்தேன், உட்கார்ந்தேன், கண்ணாடியைத் துடைத்தேன். கடைசியில் அண்ணன் வீட்டு முன்னறைக்குப் போனேன்.

முன்னறையில் வாடகைக்குத் தையற்கடை வைத்திருக்கிற பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். தான் தைத்த ஜாக்கெட்டுகளைத் தினமும் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவள். தென்காசியிலிருந்தெல்லாம் அதைப் பார்த்துத் துணி கொண்டுவருகிறார்கள். மிஷினை நிறுத்திவிட்டுப் போனை வாங்கினாள்.

"பட்டைய ஒரு தட்டு தட்டுங்க அண்ணாச்சி. தட்டாம எப்படி பொத்தான் வரும்?"

தட்டினேன். பட்டையின் ஒரு துண்டைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வந்தது. கீழே பொத்தான்களின் வரிசை மாறியது. அதில் ஒன்று 'ஸ்பிளிட்'.

"இந்தா நிக்குல்லா நடுக்கோடு, பிளேஹெட்டுன்னு சொல்லுவாவ. அது எந்தப் படத்து மேல நிக்கோ அங்கனதான் வெட்டு விழும். நீங்க பட்டைய நகத்தி, வேணுங்குற இடத்தக் கோட்டுக்கு அடியில கொண்டாந்துட்டு ஸ்பிளிட்ட அமுக்கணும். ரெண்டு விரல வச்சு விரிச்சா பட்டை பெருசாவும், கணக்கா வெட்டலாம்."

அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு மெல்லிய இடைவெளி. ஒரு துண்டு இரண்டாகியிருந்தது, அவ்வளவுதான். எதுவும் போகவில்லை.

"வெட்டுனா போவாது அண்ணாச்சி. டெலிட் பண்ணுனாத்தான் போவும். நடுவுல உள்ளது வேண்டாம்னா முன்னால ஒரு வெட்டு, பின்னால ஒரு வெட்டு. அப்புறம் நடுத்துண்டத் தட்டி டெலிட். பின்னால உள்ளது தானா வந்து முன்னாலதோட ஒட்டிக்கிடும்."

அவள் சொன்னபடி இரண்டாவது வெட்டையும் போட்டு உடனே டெலிட்டை அமுக்கினேன். திரையில் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தவர், அடுத்த நொடி எட்டேகால் மணி வெளிச்சத்தில் வேறு சட்டையில் நின்றார். வேண்டாததுக்குப் பதிலாக அதற்கு அடுத்ததை அழித்திருந்தேன். ஐயோ, போச்சு என்றேன்.

"எந்தத் துண்டுக்குக் கட்டம் இருக்குன்னு பாத்துட்டுல்லா அமுக்கணும்! வெட்டுன ஒடனே எது செலக்ட் ஆயிருக்கோ அதுதான் போவும். பதறாதிய. மேல வளஞ்ச அம்புக்குறி இருக்கு பாருங்க, அதத் தட்டுங்க." தட்டினேன். துண்டு திரும்பி வந்தது.

"அழிஞ்சது ஒரேயடியா அழிஞ்சிருமா?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் பயம்.

"துணின்னா கத்திரி வச்சா போச்சு, அழுதாலும் வராது. இது அப்படி இல்ல. நீங்க எடுத்த வீடியோ கேலரில அப்படியே கெடக்கும். இங்கன வெட்டுததெல்லாம் ஒரு நகல்னு வச்சுக்கோங்க. முடிச்சுட்டு எக்ஸ்போர்ட் குடுத்தா புதுசா இன்னொரு வீடியோ வரும். கேலரில உள்ளத மட்டும் தொட்டுராதிய. அத அழிச்சிட்டா இதுல ஒண்ணும் தெரியாது, வெறும் கருப்புதான்."

அன்று ராத்திரி நானும் மதினியும் ஊஞ்சலில் உட்கார்ந்து வெட்டத் தொடங்கினோம். வித்தை கைவந்த மிதப்பு எனக்கு. கோட்டை நிறுத்தி, வெட்டி, நகர்த்தி, வெட்டி, கட்டம் பார்த்து, அழித்து. ஒவ்வொரு துண்டு போனதும் பட்டை சுருங்கி ஒட்டிக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது. சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, அது இருந்தது.

முதலில் என் குரலை எடுத்தேன். நாள், நேரம், மாத்திரைக்கு முன், மாத்திரைக்குப் பின், மூன்று இடத்திலும். கோர்ட் சாட்சி என்ற பேச்சு காதில் இருந்தது. டாக்டர் அதைக் கேட்டு என்ன நினைப்பார்?

அடுத்தது நிலைப்படி. முதல் துண்டில் அண்ணன் அதன் முன்னால் வந்து நின்றார். குதிகால் தரையில் ஊன்ற மறுத்து, விரல் நுனி மட்டும் தாளம் போடுவதுபோல் நடுங்கியது. முப்பத்தெட்டு விநாடி. பின்னாலிருந்து மதினியின் குரல்: "எடுங்க காலை! எடுங்கன்னா! ஒண்ணு, ரெண்டு!" ரெண்டு என்றதும் வலது கால் படியைத் தாண்டியது.

"இத எடுத்துருங்க தம்பி" என்றாள் மதினி.

"டாக்டர் பாக்க வேண்டாமா?"

"நடக்குறதத்தான கேட்டாவ? நிக்குறதயா கேட்டாவ? பத்தாததுக்கு நான் கழுத கத்துத மாதிரி கத்துதேன். நல்லா நடக்குற இடமா பாத்து வைங்க."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'நடக்குறத' என்றுதான் இருந்தது. என் கையெழுத்திலேயே இருந்ததால் அது ஒரு உத்தரவுபோலத் தெரிந்தது. முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு, நடுத்துண்டு, டெலிட். இரண்டு நிமிடத்துக்குள் அடங்க வேண்டுமென்று முதல் துண்டின் மிச்சத்தையும் எட்டேகால் துண்டையும்கூட அழித்தேன். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். மறுகணம் குற்றாலம் ரோட்டில், மதினி தேய்த்துக் கொடுத்த வெள்ளை வேட்டியில், சாரல் ஈரத்தில் கை வீசி நடந்தார். ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து. எக்ஸ்போர்ட் கொடுத்து டாக்டரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். மதினி என் போனை வாங்கித் தன் போனுக்கும் ஒன்று அனுப்பிக்கொண்டாள்.

புதன் முழுவதும் என்னால் உட்கார முடியவில்லை. இரண்டு டிக் சாம்பலாகவே இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனைத் திறந்தேன். அருவியில் தண்ணீர் கூடிவிட்டது, குளிக்க விடவில்லை என்று யாரோ சொன்னார்கள். அதைப் போய்ப் பார்த்து எழுதக்கூட மனம் இல்லை. மாலை நான்கு இருபதுக்கு, பார்த்துவிட்டதற்கு அடையாளமாக டிக் நீலமானது. நாலரைக்குப் பதில் வந்தது. நடை நன்றாக இருக்கிறது, அதே மருந்தைத் தொடரலாம், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்.

மதினி அழுதுவிட்டாள். வீடியோவைக் குடும்பக் குரூப்பில் போட்டாள். கடையத்திலிருந்து ஒருத்தர், சென்னையிலிருந்து ஒருத்தர் என்று கும்பிடுகிற கைப் படங்களாக வந்து குவிந்தன. "அண்ணாச்சி பழைய மாதிரி ஆயிட்டாவளே!" என்று ஒருத்தி குரலிலேயே அனுப்பினாள்.

அண்ணன் அதுவரை வீடியோவைப் பார்த்திருக்கவில்லை. கொண்டா ட்டி என்று மதினியின் போனை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தரம் போட்டார். நான் பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

"யாருலே இவன்?" என்றார்.

திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"நல்லா நடக்கான். வீட்டுக்குள்ள மட்டும் போகவே மாட்டேங்கான். எழுந்திரிக்கான், எழுந்திரிச்ச ஒடனே குத்தாலத்துல நிக்கான். பறந்து போனானா?"

"டாக்டர் நடக்குறதத்தான..." என்று மதினி தொடங்கினாள்.

"ஏட்டி, நான் விழுந்தது குத்தாலத்துலயா, இங்கனயா?"

மதினி அடுக்களைக்குள் போய்விட்டாள். அந்த நிலைப்படியை அவள் எவ்வளவு சாதாரணமாகத் தாண்டிப் போனாள் என்பதை அண்ணனும் நானும் பார்த்தோம்.

மூன்று மாதம். அதே மாத்திரை, அதே ஏழு மணி, அதே படி. நான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். காலையில் மாத்திரைக்கு முன் அண்ணன் எப்படி இருக்கிறார் என்பதும், ஒன்றேகால் மணி நேரம் கழித்து எப்படி இருக்கிறார் என்பதும்தான் டாக்டருக்கு வேண்டிய செய்தி. அதைச் சொன்ன என் குரலை நானே முதல் வெட்டாக வெட்டியிருந்தேன். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுடைய ரிக்கார்டில் தேதி இல்லை என்று குறை சொன்னவன், இந்த ஒன்றில் மட்டும் தேதியை எடுத்துவிட்டேன், ஒரு கேலிக்குப் பயந்து. மதினியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

வியாழன் காலை கேலரியைத் திறந்தேன். மூன்று துண்டுகளும் முழுதாக இருந்தன. தையற்கடைப் பெண் சொல்லியிருந்தும், கண்ணால் பார்க்கும்வரை நான் நம்பவில்லை. எடிட்டரில் புது வேலையாகத் தொடங்கி மூன்றையும் மறுபடி ஏற்றினேன். இந்த முறை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். கை நடுங்குவதால் பட்டையை அவர் தொட்டால் ஓடிவிடும். அதனால் அவர் சொல்ல, நான் நகர்த்தினேன்.

"அங்கன நிறுத்து. கொஞ்சம் பின்னால. நான் படிக்கு வரதுக்கு மூணு எட்டு முன்னாலேர்ந்து வை. அப்பத்தான் வரும்போது காலு சின்னதாவுறது தெரியும்."

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஆமாம், படியை நெருங்க நெருங்க எட்டு குறுகிக்கொண்டே வந்தது. அவர் அதை உள்ளிருந்து அறிந்திருந்தார். கோட்டை அங்கே நிறுத்தி வெட்டினேன்.

"முப்பத்தெட்டு விநாடியும் வேணுமா அண்ணே? பாதிய வச்சா போதாதா? ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

"பாதிய வச்சா பாதி நேரம்தான் நின்னேன்னுல்லா நெனைப்பாவ. வேற எங்கயாவது வெட்டு."

வெட்டுவதற்கு மிச்சம் இருந்தது குற்றாலம் ரோடுதான். அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மதினி வந்துவிட்டாள்.

"அதையுமா எடுக்கிய? ஒரு நல்லது இருக்கட்டுமே."

"இருக்கட்டும் ட்டி. பத்து விநாடி இருக்கட்டும். வேட்டிக்கு அது போதும்."

அவள் சிரிக்கவில்லை. போனைக் காட்டி, "அப்ப அந்த இடத்துல என் சத்தத்தயாவது எடுங்க தம்பி. சத்தத்த மட்டும் எடுக்க வழி இருக்குல்லா?" என்றாள். இருந்தது, ஒலியை மட்டும் அடைக்கிற பொத்தான் அந்த வரிசையிலேயே இருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன்.

அவர் மதினி பக்கம் திரும்பினார். பிறகு அவளிடம் சொன்னார்: "ஒண்ணு, ரெண்டுன்னு நீ எண்ணுனதுலதான் காலு வந்துச்சு. அத எடுத்துட்டா நான் தானா தாண்டுனேன்னு நெனைப்பாவ. நீ இல்லாத நேரம் என்ன ஆகும்னு அவாளுக்குத் தெரிய வேண்டாமா?"

மதினி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வைங்க" என்றாள் கடைசியில், என்னிடம்.

வைத்தேன். என் குரலையும் மூன்று இடத்திலும் வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பேசியதை, மின்விசிறியைப் போடச் சொன்னதை, ரோட்டில் எதிரே வந்தவரோடு நின்று நலம் விசாரித்ததை எல்லாம் எடுத்தேன். இரண்டாவது துண்டில் அதே படியை அண்ணன் நிற்காமல் தாண்டுகிற இடம் முழுதாக இருந்தது. மொத்தம் ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு. எக்ஸ்போர்ட் ஆகிற வட்டம் நிறைவதை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அனுப்பும்போது கீழே எழுதினேன்: முன்பு அனுப்பியதில் முக்கியமானதை நாங்களே நீக்கிவிட்டோம், மன்னிக்கவும், இதைப் பார்க்கவும்.

அன்று டிக் நீலமாகவில்லை. பத்து மணிக்குப் படுத்து, எழுந்து பார்த்து, படுத்து, எழுந்தேன். முதல் பதிலோடு டாக்டர் எங்களை முடித்துவைத்திருப்பாரோ, மறுபடி அனுப்புகிறவர்களைத் தொல்லை என்று நினைப்பாரோ என்று ஓடிக்கொண்டே இருந்தது.

வெள்ளி காலை ஒன்பதரைக்கு டாக்டரே கூப்பிட்டார். ஹலோகூடச் சொல்லவில்லை. "ஆறு ஐம்பதுன்னு சொன்னது நீங்கதான? ராத்திரி கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?" ஏழு என்றேன். "அப்ப பன்னிரண்டு மணி நேரம் சும்மா விட்டிருக்கோம்" என்றார். காலை மாத்திரையை ஆறு மணிக்கே, படுக்கையிலேயே கொடுக்க வேண்டும். அது பிடிக்கிறவரை அடுக்களைப் பக்கம் போக வேண்டாம். மற்ற வேளைகளை மாற்றி எழுதி அனுப்புகிறேன் என்றார். படிக்கு முன்னால் தரையில் குறுக்காக நிறமுள்ள டேப் ஒட்டச் சொன்னார், தாண்டுவதற்கு ஒரு கோடு கண்ணுக்குத் தெரிந்தால் கால் வரும் என்று. "எண்ணுறது யாரு, வீட்டம்மாவா? அவங்க எண்ணட்டும். அது நல்லது" என்றார். மதினி பக்கத்தில் நின்று கேட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டேப் வாங்கிவரக் கிளம்பிவிட்டாள், நான் போகிறேன் என்று சொல்வதற்குள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்குப் படம் எடுத்தேன். மஞ்சள் டேப் மூன்று கோடுகளாக ஒட்டியிருந்தது. அண்ணன் வந்தார். முதல் கோட்டின் முன்னால் நின்றார். நான் மனதுக்குள் விநாடியை எண்ணத் தொடங்கினேன். மதினி வாயைத் திறந்தாள். அவள் எண்ணுவதற்குள் கால் எழுந்தது. இரண்டாவது கோடு, மூன்றாவது கோடு. படியில் மறுபடி ஒரு தயக்கம், பிறகு தாண்டினார். ஒன்பது விநாடி.

"முழுசா அனுப்பு" என்றார், அந்தப் பக்கத்திலிருந்து. ஒன்றே முக்கால் நிமிடம்தான் இருந்தது. எடிட்டரைத் திறக்காமலேயே அனுப்பிவிட்டு, டிக் நிறம் மாறுகிறதா என்று நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்களையில் அண்ணன் காப்பி கேட்கிற சத்தம் கேட்டது.